பிளெண்டரில் புகை: ரெண்டருக்கு முன் டொமைனையும் ரெசல்யூஷனையும் கேஷையும் சரியாக அமைத்தல்

பிளெண்டரில் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து Object பட்டியலில் Quick Effects என்பதன் கீழுள்ள Quick Smoke கட்டளையைக் கொடுத்தால், சில நொடிகளில் அதைச் சுற்றி ஒரு பெட்டி தோன்றும். பிளே பொத்தானை அழுத்தினால் புகையும் எழும். அந்தப் புகையை அப்படியே ரெண்டர் செய்தால் பெரும்பாலும் கட்டங்கட்டமான ஒரு மேகமே கிடைக்கும். உடனே ரெசல்யூஷனை நான்கு மடங்காக்கி, இரவு முழுவதும் கணினியை ஓடவிட்டு, காலையில் நிரம்பிப்போன வன்தட்டைப் பார்ப்பவர்கள் பலர். டொமைன் எனப்படும் அந்தப் பெட்டியின் அளவு, ரெசல்யூஷன், கணித்த புகையை வட்டில் சேமித்து வைக்கும் கேஷ் ஆகிய மூன்றையும் ரெண்டருக்கு முன் எந்த வரிசையில் முடிவு செய்ய வேண்டும் என்பதை ஓர் எளிய காட்சியைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. 2020ஆம் ஆண்டில் 2.82 பதிப்புடன் பிளெண்டரில் இணைக்கப்பட்ட மாண்டாஃப்ளோ என்னும் கணிப்பு முறையைச் சார்ந்தே இங்கு எல்லாம் சொல்லப்படுகிறது. அதற்கு முந்தைய பதிப்புகளுக்கான பாடங்களில் பேனல்களும் பெயர்களும் வேறாக இருக்கும் என்பதால் அவற்றை இதனுடன் கலந்து பின்பற்ற வேண்டாம்.

நம் காட்சி இதுதான்: ஒரு சிறிய உணவகத்தின் கூரைக்கு மேல் நிற்கும் 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள புகைபோக்கியிலிருந்து புகை எழுகிறது. கேமரா அசையவில்லை, புகைபோக்கியின் வாயிலிருந்து 5 மீட்டர் உயரம் வரை திரையில் தெரிகிறது. ஷாட்டின் நீளம் நொடிக்கு 25 ஃபிரேம் வீதம் 100 ஃபிரேம்.

கேமராவும் கோப்பும் முதலில்

சிமுலேஷனைத் தொடுவதற்கு முன்பே கேமராவின் இடத்தை உறுதி செய்துவிட வேண்டும். புகை எவ்வளவு தூரம் பரவ வேண்டும், எவ்வளவு நுணுக்கமாகத் தெரிய வேண்டும் என்னும் இரண்டு கேள்விகளுக்கும் விடை கேமராவிடமே இருக்கிறது. கேமராவைப் பின்னர் அருகில் கொண்டுபோனால், முன்பு போதுமானதாக இருந்த ரெசல்யூஷன் போதாமல் போய்விடும்.

அடுத்து, கோப்பைச் சேமித்துவிடுங்கள். இதை ஒரு தனிப் படியாகவே சொல்வதற்குக் காரணம் உண்டு. சேமிக்கப்படாத கோப்பில் டொமைனை உருவாக்கினால், கேஷ் கணினியின் தற்காலிகக் கோப்புறைக்குள் போய்விடும். பிளெண்டரை மூடும்போது அது அழிந்துபோகும் வாய்ப்பும் அதிகம். இந்தக் காட்சிக்குக் கோப்பின் பெயர் `pugai.blend` என்று வைத்துக்கொள்வோம்.

டொமைன்: புகை போகும் இடம் மட்டும்

டொமைன் என்பது புகை வாழும் பெட்டி. அதற்கு வெளியே கணிப்பு நடைபெறாது. புகை அதன் எல்லையைத் தொட்டதும் ஒன்று சுவரில் மோதியதுபோல் பரவும், இல்லையென்றால் வெட்டப்பட்டதுபோல் மறையும். இந்த வெட்டுக்கு அஞ்சித்தான் புதியவர்கள் பெட்டியைப் பெரிதாக வரைந்துவிடுகிறார்கள். அதற்குக் கொடுக்கும் விலை எவ்வளவு என்பதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம்.

Resolution Divisions என்னும் எண், டொமைனின் மிக நீளமான பக்கம் எத்தனை கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது என்பதைக் குறிக்கிறது. மற்ற இரு பக்கங்களும் அதே அளவுள்ள கட்டங்களாகப் பிரிக்கப்படும். இந்தக் கனசதுரக் கட்டம் ஒன்றுக்கு வோக்சல் என்று பெயர். அதாவது, வோக்சலின் அளவைப் பெற நீளமான பக்கத்தை அந்த எண்ணால் வகுத்தால் போதும்.

நம் புகைபோக்கிக்கு 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழம், 6 மீட்டர் உயரம் உள்ள டொமைன் போதுமானது. வாய்க்குக் கீழே அரை மீட்டர், திரையில் தெரியும் 5 மீட்டர், அதற்கு மேல் அரை மீட்டர் என்று உயரத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம். ரெசல்யூஷனை 96 என்று வைத்தால் ஒரு வோக்சல் 6.25 சென்டிமீட்டர், மொத்தக் கட்டங்கள் 48 × 48 × 96, அதாவது 2,21,184. இதையே, எதற்கும் இருக்கட்டும் என்று ஒவ்வொரு பக்கமும் 10 மீட்டராக உள்ள பெட்டியாக வரைந்து, அதே 96ஐக் கொடுத்தால் கட்டங்கள் 8,84,736 ஆகின்றன. வேலை நான்கு மடங்கானது. ஆனால் வோக்சலோ 10 சென்டிமீட்டருக்கு மேல் பருத்துவிட்டது. பழைய நுணுக்கத்தை மீட்க வேண்டுமானால் ரெசல்யூஷன் 160 ஆக வேண்டும். அப்போது கட்டங்கள் 40,96,000. அதே புகை, அதே தோற்றம், ஏறத்தாழ பதினெட்டரை மடங்கு கட்டங்கள்! ஆகவே புகை கட்டங்கட்டமாகத் தெரிகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது டொமைனின் அளவை. ரெசல்யூஷன் எண்ணை அன்று.

செய்முறை எளிது. ஒரு கனசதுரத்தைச் சேர்த்து, மேற்சொன்ன அளவுகளுக்கு மாற்றி, உரிய இடத்தில் வைத்து, Ctrl+A அழுத்தி Scale என்பதைத் தேர்ந்தெடுத்து அளவை நிலைப்படுத்துங்கள். பின்னர் Physics தாவலில் Fluid என்பதைச் சொடுக்கி, Type என்னுமிடத்தில் Domain என்றும், Domain Type என்னுமிடத்தில் Gas என்றும் கொடுங்கள். டொமைனின் ஒரு மூலையில் மிகச் சிறிய ஒரு கனசதுரம் வரையப்பட்டிருப்பதைக் கூர்ந்து பார்த்தால் காணலாம். அது ஒரு வோக்சலின் உண்மையான அளவு. புகைபோக்கியின் வாயருகே அதைக் கற்பனையில் வைத்துப் பார்த்தாலே, இந்த ரெசல்யூஷன் போதுமா என்பதில் பாதி தெளிவு கிடைத்துவிடும்.

Border Collisions பகுதியில் ஆறு பக்கங்களுக்கும் தனித்தனிக் குறிகள் உள்ளன. குறியிட்ட பக்கம் சுவராக நடந்துகொள்ளும். நம் காட்சி திறந்த வெளியில் நடப்பதால் எல்லாக் குறிகளையும் நீக்கிவிட வேண்டும். Top குறி நீங்காமல் இருந்தால் புகை கண்ணாடிக் கூரையில் மோதியதுபோல் பக்கவாட்டில் பரவுவதைக் காண்பீர்கள். காற்று வீசும் காட்சியானால் டொமைனை நான்கு பக்கமும் விரிக்க வேண்டியதில்லை. புகை சாயும் திசையை நோக்கி மட்டும் பெட்டியை நகர்த்தியோ நீட்டியோ வைத்தால் போதும்.

Adaptive Domain என்னும் வசதி, புகை இருக்கும் பகுதியை மட்டும் ஒட்டிப் பெட்டியைச் சுருக்கிக் கணிப்பதால், புகை மெல்ல உயர்ந்து நிரம்பும் இத்தகைய காட்சிகளில் தொடக்க ஃபிரேம்கள் விரைவாக முடியும். எனினும், முழு டொமைனும் நிரம்பிய பிறகு அதனால் பெரிய இலாபம் இராது. ஆகவே டொமைனைத் தாறுமாறாக வரைந்துவிட்டு இந்த வசதி காப்பாற்றும் என்று நம்புவது சரியன்று.

புகையின் ஊற்று

புகைபோக்கியின் வாயில் 35 சென்டிமீட்டர் விட்டமுள்ள, மூடிய, தட்டையான ஓர் உருளையை வையுங்கள். Fluid வகையில் Flow என்றும், Flow Type என்பதில் Smoke என்றும் கொடுத்து, Flow Behavior என்பதை மறக்காமல் Inflow என்று மாற்றுங்கள். இயல்பாக அங்கிருப்பது Geometry. அதை அப்படியே விட்டால் தொடக்கத்தில் ஒரே ஒரு புகைக் கொத்து வெளிவந்து, பிறகு ஒன்றும் வராது. ரெண்டரில் உருளை தெரியாதபடி அதன் கேமரா குறியை அணைத்துவிடுங்கள்.

ஊற்றின் குறுக்கே எத்தனை வோக்சல்கள் இருக்கின்றன என்பது முக்கியமான கணக்கு. 96இல் இந்த உருளையின் குறுக்கே ஏறத்தாழ ஐந்தரை வோக்சல்கள் அமைகின்றன. இது நல்ல அளவு. இயல்பு எண்ணாகிய 32இல் வோக்சல் 18.75 சென்டிமீட்டர் ஆகிவிடுவதால் குறுக்கே இரண்டு கட்டங்கள் கூட முழுதாக இரா. வட்டமான வாயிலிருந்து சதுரமான புகை எழும். ஊற்றின் குறுக்கே நான்கு வோக்சல்களுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்வதை நான் ஒரு கீழ்வரம்பாகவே வைத்திருக்கிறேன்.

புகைபோக்கியின் உட்புறத்திலிருந்தே புகை எழ வேண்டும் என்று கருதி, அதன் தகட்டை மோதுபொருளாக அமைக்க வேண்டாம். தகட்டின் தடிமன் சில மில்லிமீட்டர். வோக்சலோ 6 சென்டிமீட்டருக்கு மேல். வோக்சலை விட மெல்லிய சுவரின் வழியே புகை கசிவதைத் தவிர்ப்பது கடினம். கேமராவுக்கு உள்ளே தெரியாத நிலையில் வாயிலிருந்து தொடங்குவதே அறிவுடைமை.

ரெசல்யூஷன்: சோதனைக்கு ஒன்று, இறுதிக்கு ஒன்று

முதல் சோதனையை 48இல் செய்யுங்கள். கட்டங்கள் 27,648 மட்டுமே என்பதால் சாதாரணக் கணினியிலும் மாற்றங்களை உடனுக்குடன் காண முடியும். இந்த நிலையில் நுணுக்கத்தைப் பார்க்கக்கூடாது. புகை எவ்வளவு வேகமாக எழுகிறது, எந்த உயரத்தில் அகலத் தொடங்குகிறது, டொமைனின் பக்கவாட்டைத் தொடுகிறதா என்பவற்றை மட்டும் கவனிக்க வேண்டும். வேகம் மிகுந்தால் Time Scale மதிப்பையோ, Gas பகுதியில் புகையின் மிதப்பைத் தீர்மானிக்கும் Buoyancy மதிப்புகளையோ குறைக்கலாம். புகை மேல்விளிம்பை அடையும்போதும் அடர்த்தியாகவே இருந்தால் Dissolve என்பதைத் தேர்ந்து, Time மதிப்பைச் சில பத்து ஃபிரேம்களாகக் கொடுங்கள். இயல்பாக உள்ள 5 ஃபிரேமில் புகை வாயை விட்டு வெளிவந்த உடனேயே கரைந்துவிடும். மேலே போகப் போகப் புகை தானாக மெலிந்தால், டொமைனின் உச்சியில் வெட்டுக்கோடு தெரியும் பிரச்சினையும் தீர்ந்துவிடுகிறது. அதற்காகப் பெட்டியை உயர்த்த வேண்டியதில்லை.

ரெசல்யூஷனை இரட்டிப்பாக்கினால் கட்டங்கள் எட்டு மடங்காகும் என்பது பலருக்கும் தெரியும். கணிப்பு நேரம் அதைவிடவும் கூடும் என்பதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. கட்டங்கள் சிறுத்ததும், ஒரே ஃபிரேமில் புகை முன்பைவிட அதிகக் கட்டங்களைக் கடக்கிறது. அதைச் சரிவரக் கணிக்க மென்பொருள் ஒரு ஃபிரேமைப் பல சிறு படிகளாகப் பிரிக்க நேரிடுகிறது. இதைத் தீர்மானிக்கும் Timesteps, CFL Number ஆகியவற்றைத் தொடக்கத்தில் இயல்பு மதிப்பிலேயே விட்டுவிடலாம்.

பலர் எதிர்பாராதது மற்றொன்று. ரெசல்யூஷனை உயர்த்துவதால் அதே புகை இன்னும் தெளிவாகத் தெரியும் என்பதில்லை. புகையின் போக்கே மாறிவிடும். பெரிய கட்டங்களில் சிறு சுழல்கள் கணிப்பிலேயே மழுங்கிப்போகின்றன. கட்டங்கள் சிறுத்ததும் அந்தச் சுழல்கள் உயிர் பெற்று, புகைத்தண்டு முன்னதாகவே நெளிந்து உடையத் தொடங்கும். ஆகவே 48இல் அழகாக இருந்த ஒரு வளைவு 96இல் இருக்கும் என்று எண்ணி நேரடியாக இறுதி பேக்கிங்குக்கு, அதாவது எல்லா ஃபிரேம்களையும் கணித்து வட்டில் நிலையாகச் சேமிக்கும் வேலைக்குப் போகக்கூடாது. இறுதி எண்ணிலேயே ஒரு முறை முழுவதும் ஓட்டிப் பார்த்து, தேவையானால் மிதப்பு மதிப்புகளை மீண்டும் திருத்த வேண்டும்.

இறுதி எண் எதுவாக இருக்க வேண்டும்? திரையைக் கொண்டு கணக்கிடலாம். கேமராவின் சட்டகம் உயரத்தில் ஏறத்தாழ 7 மீட்டரைக் காட்டுகிறது, ரெண்டரின் உயரம் 1080 பிக்சல் என்று கொண்டால், ஒரு மீட்டருக்கு சுமார் 154 பிக்சல்கள். 6.25 சென்டிமீட்டர் வோக்சல் ஒன்று திரையில் 10 பிக்சல் அளவுக்கு விரிகிறது. மென்மையான புகைக்கு இது சற்றுப் பருமன்தான். 5 பிக்சல் அளவு என்றால் உறுத்தாது என்பது என் கணிப்பு. அதற்கு ரெசல்யூஷனை 192 ஆக்க வேண்டும். அல்லது Noise வசதியைப் பயன்படுத்த வேண்டும்.

Noise, அடிப்படைக் கணிப்பின் போக்கை மாற்றாமல் அதன்மேல் சிறு சுருள்களைச் சேர்க்கிறது. Upres Factor என்பதை 2 என்று வைத்தால், 96இல் கணித்த புகை 192இன் நுணுக்கத்தில் சேமிக்கப்படும். மிதப்பையும் வேகத்தையும் 96இல் திருத்தி முடித்தவருக்கு, அந்தப் போக்கைக் குலைக்காமல் நுணுக்கம் மட்டும் கூடுவது பெரிய வசதி. ஆனால் இந்தச் சுருள்கள் காற்றோட்டத்தின் உண்மையான கணிப்பிலிருந்து வந்தவை அல்ல. Strength மதிப்பை அதிகமாக வைத்தால் புகை முழுவதும் ஒரே அளவான சுருள்கள் பஞ்சைப் பிய்த்து ஒட்டியதுபோல் பரவிக் கிடக்கும். அதைக் கண்டதும் மதிப்பைக் குறைக்க வேண்டும். இந்தக் காட்சிக்கு 96உடன் 2 என்பதே என் தேர்வு. Upres Factor 4 வரை போக வேண்டியிருக்கிறது என்று தோன்றினால், அடிப்படை ரெசல்யூஷன்தான் குறைவாக உள்ளது என்று பொருள்.

கேஷ்

சோதனைகளுக்கு Cache பகுதியில் Type என்பது Replay ஆகவே இருக்கட்டும். பிளே செய்யும்போதே கணித்துச் சேமித்துக்கொள்ளும் இந்த முறையில், ஏதேனும் ஒரு மதிப்பை மாற்றினால் முதல் ஃபிரேமிலிருந்து மறுபடியும் ஓட்ட வேண்டும். டைம்லைனில் நடுவே எங்கோ தாவிச் சென்று புகை வரவில்லையே என்று திகைக்க வேண்டாம். ஒவ்வொரு ஃபிரேமும் முந்தையதைச் சார்ந்திருப்பதால் வரிசையாகவே ஓட வேண்டும். அதே காரணத்தால் Playback அமைப்பில் Frame Dropping தேர்வாகியிருக்கக் கூடாது. Play Every Frame என்று இருக்க வேண்டும்.

இறுதிக் கணிப்புக்கு முன் மாற்ற வேண்டியவை சில. Type என்பதை Modular ஆக்குங்கள். இந்த முறையில் அடிப்படைக் கணிப்பையும் Noise கணிப்பையும் தனித்தனியே பேக் செய்யலாம். Noise பிடிக்கவில்லையென்றால் Free Noise கொடுத்து அதை மட்டும் நீக்கிவிட்டு, பல மணி நேரம் ஓடிய அடிப்படைக் கணிப்பைக் காப்பாற்றிக்கொள்ள முடியும். இதற்கு Is Resumable என்பதை அடிப்படைக் கணிப்பை பேக் செய்வதற்கு முன்பே தேர்ந்திருக்க வேண்டும். அதைத் தேர்ந்தால் வட்டில் எழுதப்படும் தரவு கூடும் என்பது உண்மைதான். நம் அளவுக்கு அது பொருட்டன்று.

கேஷ் கோப்புறையின் பாதையை நாமே எழுதிக் கொடுப்பது நல்லது. இயல்பாக வரும் பெயரில் பொருளற்ற எழுத்துகளும் எண்களும் இருக்கும். ஒரு மாதம் கழித்து எந்தக் கோப்புறை எந்தப் புகைக்கு உரியது என்று தெரியாது. பாதையின் தொடக்கத்தில் உள்ள இரட்டைக் கோடு, `.blend` கோப்பு இருக்கும் இடத்தைக் குறிக்கிறது:

```
//cache_pugai_v01
```

கோப்பை வேறு பெயரில் சேமித்து மாற்றிப் பார்க்க விரும்பினால், கேஷ் பாதையையும் `v02` என்று உடனே மாற்றிவிட வேண்டும். இரண்டு கோப்புகள் ஒரே கோப்புறையைச் சுட்டினால், புதியதை பேக் செய்யும்போது பழையது எச்சரிக்கை ஏதுமின்றி அழிந்துவிடும். ஒரே காட்சிக்குள் டொமைனை நகலெடுத்து இரண்டாவது புகைபோக்கிக்கு வைப்பவர்களும் இதே சிக்கலில் மாட்டிக்கொள்கிறார்கள்: நகலும் மூலத்தின் பாதையையே சுமந்து வரும்.

ஃபிரேம் எல்லையைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ஷாட்டின் முதல் ஃபிரேமிலேயே புகை 5 மீட்டர் உயரம் வரை நிறைந்திருக்க வேண்டும். அடுப்பு இப்போதுதான் மூட்டப்பட்டதுபோல் தெரியக்கூடாது. சோதனையில் புகை ஏறத்தாழ 60ஆம் ஃபிரேமில் மேலே எட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் கேஷின் Frame Start 1 ஆகவும் End 160 ஆகவும் இருக்க வேண்டும். ரெண்டருக்கான எல்லையோ, Output தாவலில் 61 முதல் 160 வரை. இவை இரண்டும் தனித்தனி அமைப்புகள். கேஷின் End இயல்பாக 250இல் இருப்பதால், அதை மாற்றாவிட்டால் யாரும் பார்க்காத 90 ஃபிரேம்களைக் கணினி கணித்துக்கொண்டிருக்கும்.

Format Volumes என்பதில் OpenVDB இருக்கட்டும். அதன் துல்லிய அமைப்பில் Half போதுமானது. Full கொடுத்தால் கோப்புகள் பருக்கும், கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. வட்டில் எவ்வளவு இடம் வேண்டும் என்பதை முன்கூட்டி அறிய, இறுதி எண்ணில் நடத்திய சோதனை ஓட்டத்தின் கோப்புறையைத் திறந்து, `data` என்னும் உட்கோப்புறையில் கடைசி ஃபிரேமின் `.vdb` கோப்பு அளவைப் பாருங்கள். முதல் சில ஃபிரேம்களை அளவுகோலாகக் கொள்ளக் கூடாது. புகை பரவப் பரவக் கோப்பும் வளரும். கடைசிக் கோப்பின் அளவை 160ஆல் பெருக்கினால் அடிப்படைத் தரவுக்கான தோராயமான மேல்வரம்பு கிடைக்கும். Noise சேரும்போது கட்டங்கள் எட்டு மடங்காவதால் அதற்கென்று தாராளமாக இடம் விட்டு வையுங்கள்.

இனி Bake Data கொடுக்கலாம். அது முடிந்ததும் முழுவதையும் ஒரு முறை ஓட்டிப் பார்த்து, மனநிறைவு ஏற்பட்ட பிறகே Bake Noise கொடுங்கள். பேக் செய்த பின் டொமைனின் பெரும்பாலான மதிப்புகள் மங்கிப்போய் மாற்ற முடியாத நிலையில் இருக்கும், அது கோளாறன்று. மாற்ற விரும்பினால் Free Data கொடுக்க வேண்டும், ஆனால் அது கேஷை அழித்துவிடும்.

ரெண்டருக்கு முன் பார்க்க வேண்டியவை

டொமைனின் மெட்டீரியலில் Principled Volume நோடு, வெளியீட்டின் Volume துளையில் இணைந்திருக்க வேண்டும். Surface துளை காலியாக இருக்க வேண்டும். Quick Smoke இதைத் தானே செய்துவிடும். கையால் டொமைனை அமைத்தவர்கள் மறந்தால், ரெண்டரில் புகைக்குப் பதில் ஒரு திடமான பெட்டி நிற்கும்.

புகை மெலிதாகத் தெரிகிறது என்பதற்காக ஊற்றின் அடர்த்தியை உயர்த்தி மீண்டும் பேக் செய்வது வீண் வேலை. Principled Volume நோடில் உள்ள Density மதிப்பு, கேஷில் உள்ள அடர்த்தியைப் பெருக்குகிறது. அதை 1இலிருந்து 5, 10 என்று உயர்த்திப் பார்த்தாலே பெரும்பாலும் போதும், சிமுலேஷனைத் தொட வேண்டியதில்லை. அதேபோல பிளெண்டரின் விரைவான ரெண்டர் இயந்திரமாகிய ஈவீயில் புகை கட்டங்கட்டமாகத் தெரிந்தால், கேஷைச் சந்தேகிப்பதற்கு முன் ரெண்டர் தாவலில் Volumes பகுதியில் உள்ள ரெசல்யூஷன் அல்லது டைல் அளவைச் சோதியுங்கள். அதே ஃபிரேமை மற்றொரு ரெண்டர் இயந்திரமாகிய சைக்கிள்ஸில் ஒரு முறை ரெண்டர் செய்து பார்த்தால், குறை கேஷில் இருக்கிறதா, ரெண்டர் அமைப்பில் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

61, 110, 160 ஆகிய மூன்று ஃபிரேம்களை மட்டும் முழு அளவில் ரெண்டர் செய்து பாருங்கள். முதலாவதில் புகை உச்சி வரை நிறைந்திருக்கிறதா, கடைசியில் டொமைனின் விளிம்பு நேர்க்கோடாகத் தெரிகிறதா என்பவை இந்த மூன்றிலேயே வெளிப்பட்டுவிடும். கோப்பை வேறு கணினிக்குக் கொண்டுசெல்வதாக இருந்தால், கேஷ் கோப்புறையையும் `pugai.blend` இருக்கும் இடத்திலேயே நகலெடுத்து வைக்க வேண்டும். அது இல்லையென்றால் புகையில்லாத புகைபோக்கிதான் ரெண்டராகும். எல்லாம் சரியாக இருந்தால், வீடியோவாக அன்றிப் படத்தொடராக ரெண்டர் செய்யுங்கள். நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட ஃபிரேமிலிருந்து தொடரலாம். பிளெண்டரின் சாளரத்தைத் திறக்காமலே இதைச் செய்வதற்கான கட்டளை:

```
blender -b pugai.blend -o //render/pugai_#### -s 61 -e 160 -a
```

இதில் `-s`, `-e` ஆகியவை `-a`வுக்கு முன்னால் வர வேண்டும். பிளெண்டர் கட்டளைகளை இடமிருந்து வலமாகப் படித்து அவ்வப்போதே நிறைவேற்றுவதால், `-a` முன்னால் வந்தால் கோப்பில் சேமித்துள்ள எல்லையிலேயே ரெண்டர் தொடங்கிவிடும்.